ஐந்து லட்சம் கேட்ட கடிதமும் இரண்டரை லட்சக் கணக்கும்

"கொருக்குப்பேட்டையில் நான்கு பவர் மெஷின் போட்டு நைட்டி தைத்து, எம்.சி. ரோடு கடைகளுக்கு 220 ரூபாய்க்குப் போடுகிறேன். மாதம் 750 உருப்படிதான் போகிறது. கடைக்காரர்கள் 1,200 கேட்கிறார்கள். துணி வாங்கக் கையில் பணம் இல்லாமல் மாதத்தில் பத்து நாள் மெஷின் சும்மா நிற்கிறது. தண்டல் பாக்கி வேறு 80,000 இருக்கிறது. தொழிலை விரிவுபடுத்த ஐந்து லட்சம் வேண்டும் என்று கூட்டுறவு வங்கிக்குக் கடிதம் கொடுத்தேன். 'எதற்கு ஐந்து லட்சம், எப்படித் திரும்பி வரும் என்று எழுதிக் கொண்டு வாருங்கள்' என்று மேலாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடிதத்தை எப்படி எழுத வேண்டும்?"

மேலாளர் கேட்ட கேள்வி நியாயமானது. நகரக் கூட்டுறவு வங்கி ஒன்றின் கடன் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நடைமுறை மூலதனத்திற்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை தொழிலின் பெருமையையும் குடும்பத்தின் கஷ்டத்தையும் சொல்லுமே தவிர, ஒரு ரூபாய் துணியாக மாறி, தைத்த உருப்படியாகி, கடைக்காரரின் பாக்கியாக நின்று, மறுபடி ரூபாயாகத் திரும்புவதற்கு எத்தனை நாள் ஆகிறது என்பதைச் சொல்வதில்லை. கேட்கும் தொகை அந்த நாட்களிலிருந்துதான் பிறக்க வேண்டும். நீங்கள் சொல்லாத இடங்களில் நானாக ஓர் அளவை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். உங்கள் நோட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் நாட்களைக் கணக்கிடுவோம். கோடவுன் தெருவில் ரொக்கம் கொடுத்து எடுத்து வரும் துணி, வெட்டுக்குப் போகும் வரை சராசரியாக 12 நாள் அலமாரியில் இருக்கிறது என்று கொள்வோம். வெட்டித் தைத்து, தேய்த்து, மடித்து முடிய 6 நாள். வாரம் ஒருமுறைதான் கடைகளுக்குச் சரக்கு போகிறது என்பதால், தைத்த உருப்படி 7 நாள் வரை காத்திருக்கிறது. கடைக்காரர் பணம் கொடுக்க எடுத்துக்கொள்ளும் நாட்களை மட்டும் அவர் சொல்லும் தவணையை வைத்து எழுதிவிடாதீர்கள். "ஒரு மாதத்தில் தந்துவிடுகிறேன்" என்பது பேச்சு. நோட்டில் இருப்பது வேறாக இருக்கும். இன்றைய தேதியில் எல்லாக் கடைகளிலும் நிற்கும் பாக்கியைக் கூட்டி, உங்கள் ஒரு நாள் விற்பனையால் வகுத்துப் பாருங்கள். மாதம் 750 உருப்படி என்றால் நாளொன்றுக்கு 25. அதன் விற்பனை மதிப்பு 5,500 ரூபாய். பாக்கி 2,20,000 நிற்கிறது என்றால், கடைக்காரர்கள் உண்மையில் எடுத்துக்கொள்வது 40 நாள். எல்லாம் சேர்த்து உங்கள் சுழற்சி 65 நாள்.

அடுத்து, இந்த நாட்களை ரூபாயாக்க வேண்டும். ஒரு நைட்டிக்குத் துணி, ஜிப், நூல், பைப்பிங் சேர்த்து 130 ரூபாய், தையல் கூலியும் தேய்ப்பும் 45 ரூபாய், வாடகை, மின்சாரம், ஆட்டோ ஆகியவற்றின் பங்கு 15 ரூபாய் என்று வைத்தால், அடக்கம் 190. கடைக்காரர்கள் கேட்கும் 1,200 உருப்படிக்கு நாளொன்றுக்கு 40 தைக்க வேண்டும். 12 நாள் துணி இருப்புக்கு 62,400 ரூபாய் தேவை. தையலில் பாதியில் நிற்கும் 6 நாள் சரக்குக்கு, கூலியில் ஒரு பகுதியும் ஏறியிருக்கும் என்பதால், உருப்படிக்கு 150 வீதம் 36,000. முடிந்து காத்திருக்கும் 7 நாள் சரக்குக்கு 53,200. கடைகளில் நிற்கும் 40 நாள் பாக்கியை விற்பனை விலையில் அல்லாமல் அடக்க விலையில் போட்டால் 3,04,000. மொத்தம் 4,55,600. பாக்கியை 220 ரூபாய்க் கணக்கில் காட்டினால் தொகை பெரிதாகத் தெரியும். ஆனால் அதில் உங்கள் லாபமும் கலந்திருக்கிறது, லாபத்துக்குக் கடன் கேட்பது முறையல்ல.

பலரும் தடுமாறுவது இதற்கு அடுத்த இடத்தில்தான். 4,55,600 தேவை என்பதால் அவ்வளவையும் வங்கியிடம் கேட்டுவிட முடியாது. தொழில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறதே, அது யாருடைய பணத்தில் ஓடுகிறது? அதே கணக்கை 750 உருப்படிக்குப் போட்டால் இன்று சுழல்வது சுமார் 2,85,000 ரூபாய். அதில் 80,000 தண்டல் என்றால், மீதி 2,05,000 உங்கள் சொந்தப் பணம். இந்தச் சொந்தப் பணம் தொழிலிலேயே தொடர்கிறது என்பதுதான் வங்கிக்கு உங்கள் கடிதத்தில் மிக நம்பிக்கை தரும் வரி. ஆனால் பெரும்பாலோர் அதை எழுதுவதே இல்லை. 4,55,600-இலிருந்து 2,05,000-ஐக் கழித்தால் 2,50,600. நீங்கள் கேட்க வேண்டியது இரண்டரை லட்சம்: அதில் 80,000 தண்டலை அடைக்க, 1,70,000 கூடுதல் சரக்குக்கு.

வங்கிக்காரர் தம் பக்கத்தில் இன்னொரு கணக்கும் போடுவார். சிறு தொழில்களுக்காக ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழு 1990-களின் தொடக்கத்தில் பரிந்துரைத்த முறைப்படி, எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனத் தேவை, விற்பனையின் அந்த 25 சதவீதத்தில் 20 சதவீதத்தை வங்கியும் 5 சதவீதத்தைத் தொழில் செய்பவரும் போட வேண்டும். உங்கள் ஆண்டு விற்பனை 1,200 உருப்படிக் கணக்கில் 31,68,000. அதன் 20 சதவீதம் 6,33,600. இதைப் பார்த்து ஐந்து லட்சமே குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. 25 சதவீதம் என்றால் பணம் ஆண்டுக்கு நான்கு முறை, அதாவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுழல்கிறது என்று பொருள். உங்களுடையது 65 நாளில் திரும்புகிறது. தேவைக்கு மேல் வாங்கும் தொகை சரக்கில் நிற்காது. வீட்டுச் செலவிலோ நகையிலோ போய் நிற்கும், வட்டி மட்டும் தொழிலில் ஏறும். முறை அனுமதிப்பதைவிடக் குறைவாகக் கேட்டு, ஏன் குறைவு என்று காரணமும் சொல்பவரின் கடிதத்தை நாங்கள் வேறு கண்ணோடு பார்ப்போம்.

தண்டலை மறைக்கலாமா என்று யோசிப்பீர்கள். மறைக்காதீர்கள். பத்தாயிரம் என்று பேசி 8,500 கையில் கொடுத்து, தினம் நூறு வீதம் நூறு நாள் வாங்கும் தண்டலின் வட்டி, பாக்கி நாளுக்கு நாள் குறைவதைக் கணக்கில் எடுத்தால், ஆண்டுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டும். 80,000 பாக்கி தொடர்ந்து நிற்கிறது என்றால் மாதம் சுமார் 7,000 ரூபாய் அதற்கே போகிறது. அந்த அளவு பணம் மாதந்தோறும் எங்கே போகிறது என்று உங்கள் கணக்கில் தெரியாவிட்டால், மேலாளர் அதைவிட மோசமாக எதையாவது கற்பனை செய்துகொள்வார். எழுதிவிட்டால் அதுவே கடனுக்கு வலுவான காரணமாகிறது. சுயஉதவிக் குழுக் கடனோ நுண்கடனோ இருந்தால் அதையும் எழுதுங்கள். அவை பெரும்பாலும் சிபில் அறிக்கையில் எப்படியும் தெரிந்துவிடும்.

விற்பனைக்குச் சான்று என்பது நம் பகுதித் தொழில்களில் எப்போதும் பலவீனமான இடம். மாதம் 1,65,000 ரூபாய்க்குச் சரக்கு போனாலும், வங்கிக் கணக்கில் வரவு ஐம்பது அறுபதாயிரம்தான் இருக்கும். மற்றது ரொக்கமாக வந்து ரொக்கமாகவே கோடவுன் தெருவுக்குப் போயிருக்கும். மேலாளர் பார்ப்பது பாஸ்புத்தகத்தை. ஆகவே கடந்த ஆறு மாதத்துக்கு, மாதவாரியாக எத்தனை உருப்படி போயிற்று, கணக்கில் வந்தது எவ்வளவு, ரொக்கமாக வந்தது எவ்வளவு என்று ஒரு பக்கத்தில் எழுதி, கடை முத்திரையோ கையெழுத்தோ உள்ள டெலிவரி சீட்டுகளின் நகலை இணையுங்கள். வெள்ளைத் தாளில் எழுதிய கைச்சீட்டு மட்டும் இருந்தால், இன்றிலிருந்தாவது எண் அச்சிட்ட பில் புத்தகம் வையுங்கள். பில் இல்லாத பாக்கியை வங்கி பாக்கியாகவே எண்ணாது. இரண்டு மூன்று கடைக்காரர்களிடம், மாதம் இத்தனை உருப்படி எடுத்துக்கொள்ளத் தயார் என்று கடைத் தாளில் ஒரு வரி வாங்குங்கள். 1,200 என்ற எண்ணிக்கை உங்கள் ஆசை அல்ல, அவர்களின் தேவை என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி. (ஜி.எஸ்.டி. பற்றிக் கேட்டால்: சரக்கு விற்பனைக்கு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம், நீங்கள் அதற்குள் இருக்கிறீர்கள். வேறொருவர் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது சேவை. அதற்கு வரம்பு 20 லட்சம்தான்.)

கடனின் வகையையும் நீங்களே கடிதத்தில் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கேஷ் கிரெடிட் என்றால் வரம்புக்குள் எடுக்கலாம், போடலாம். எடுத்த தொகைக்கு எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி. ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். வகை சொல்லாமல் "கடன்" என்று மட்டும் எழுதினால், சிறு தொகை என்பதால் மாதத் தவணைக் கடனாக ஒதுக்கிவிடுவது உண்டு. இரண்டரை லட்சத்தை 12 சதவீத வட்டியில் 36 தவணையாகக் கட்டினால் மாதம் சுமார் 8,300 ரூபாய். ஒவ்வொரு தவணையும் துணி வாங்கும் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டே போகும். தவணைக் கடன்தான் தருவோம் என்று வங்கி சொன்னாலும் உங்களால் கட்ட முடியும், ஆனால் அதை லாபத்திலிருந்து கட்ட வேண்டும். உருப்படிக்கு 220 விலையில் துணியும் கூலியும் போக 45 ரூபாய் மிஞ்சுகிறது. மாதச் செலவு 18,000. இன்று 750 உருப்படிக்கு 15,750 மிஞ்சி, அதில் தண்டலுக்கு 7,000 போகிறது. 1,200 உருப்படிக்கு 36,000 மிஞ்சும். புதிய மெஷின் வாங்கும் எண்ணம் இருந்தால் அதை இந்தக் கடிதத்தில் கலக்காதீர்கள். அது தனிக் கடன், தனி விண்ணப்பம். இருக்கும் நான்கு மெஷினே பத்து நாள் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே ஐந்தாவது மெஷின் கேட்டால் கடிதம் தன்னைத்தானே மறுத்துவிடும்.

இவ்வளவையும் வைத்து, கடிதம் ஏறத்தாழ இப்படி அமையலாம்.

அனுப்புநர்: (பெயர், தையலகத்தின் பெயர், முகவரி, உத்யம் பதிவு எண்)

பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள், (வங்கியின் பெயர், கிளை)

பொருள்: நைட்டி தயாரிப்புத் தொழிலுக்கு நடைமுறை மூலதனமாக ரூ. 2,50,000 கேஷ் கிரெடிட் வரம்பு கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

கொருக்குப்பேட்டையில் வாடகை இடத்தில் நான்கு தையல் மெஷின்களைக் கொண்டு நைட்டி தயாரித்து, பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் உள்ள கடைகளுக்கு மொத்த விலையில் வழங்கி வருகிறேன். நான்கு பெண்கள் உருப்படிக் கூலிக்குத் தைக்கிறார்கள்; துணி வாங்குவதையும் வெட்டுவதையும் நானே செய்கிறேன்.

கடந்த ஆறு மாதங்களில் மாதம் சராசரியாக 750 உருப்படிகள், ரூ. 220 வீதம் ரூ. 1,65,000-க்கு விற்பனையாகியுள்ளன. துணியை ரொக்கத்துக்கு வாங்கிக் கடனுக்கு விற்பதால், பாக்கி வரும் வரை மாதத்தில் சுமார் பத்து நாட்கள் மெஷின்கள் நின்றுவிடுகின்றன. அதே மெஷின்களையும் அதே ஆட்களையும் கொண்டு மாதம் 1,200 உருப்படிகள் தைக்க இயலும். அந்த அளவுக்குச் சரக்கு எடுக்க விருப்பம் தெரிவித்த கடைகளின் கடிதங்களை இணைத்துள்ளேன்.

என் தொழிலில் பணம் திரும்பி வர 65 நாட்கள் ஆகின்றன: துணி இருப்பு 12, தையல் 6, முடிந்த சரக்கு 7, கடைப் பாக்கி 40 நாட்கள். இதன்படி மாதம் 1,200 உருப்படிகளுக்கு ரூ. 4,55,600 தேவைப்படுகிறது. இதில் ரூ. 2,05,000 என் சொந்தப் பணமாக ஏற்கெனவே தொழிலில் உள்ளது, அது தொடரும். மீதியுள்ள ரூ. 2,50,000-ஐத் தங்கள் வங்கியிடம் கோருகிறேன். அதில் ரூ. 80,000-ஐக் கொண்டு, துணி வாங்குவதற்காகத் தனியாரிடம் பெற்ற தினத் தவணைக் கடனை முழுமையாக அடைத்து, அதற்கான ஒப்புதலைத் தங்களிடம் தருவேன். மற்றது துணியும் துணைப் பொருட்களும் வாங்கவும் கூலி கொடுக்கவும் மட்டுமே பயன்படும். துணி வியாபாரிகளுக்கான தொகையை வங்கிக் கணக்கின் வழியாகவே செலுத்தச் சம்மதிக்கிறேன்.

துணி, கூலி, மாதச் செலவு போக இப்போது மாதம் ரூ. 15,750 மிஞ்சுகிறது, அதில் சுமார் ரூ. 7,000 தினத் தவணைக் கடனின் வட்டிக்குச் செல்கிறது. கோரும் வரம்பு கிடைத்தால் மாதம் ரூ. 36,000 மிஞ்சும், வட்டி 12 சதவீதம் என்று கொண்டால், வரம்பு முழுவதையும் பயன்படுத்தினாலும் மாதம் ரூ. 2,500 ஆகும். பொங்கலுக்குப் பிந்தைய இரண்டு மாதங்களில் விற்பனை 800 உருப்படி அளவுக்குக் குறையும்; அம்மாதங்களில் துணி வாங்குவதைக் குறைத்து, கணக்கில் நிற்கும் கடனையும் குறைத்துக்கொள்வேன்.

ஒரு கடையில் 90 நாட்களுக்கு மேல் ரூ. 18,000 பாக்கி நிற்கிறது. மேற்கண்ட கணக்கில் அதை நான் சேர்க்கவில்லை. அக்கடைக்கு இப்போது சரக்கு வழங்குவதில்லை.

இனி கடைகளின் பணம் அனைத்தையும் தங்கள் வங்கிக் கணக்கில் வரவு வைப்பேன். மாதந்தோறும் சரக்கு அறிக்கை தருவேன். சரக்கைத் தீ, வெள்ள அபாயங்களுக்குக் காப்பீடு செய்து தருவேன். வங்கியின் விதிப்படி உறுப்பினராகச் சேர்ந்து பங்குத் தொகை செலுத்தவும் பிணைதாரர்களை அழைத்து வரவும் தயாராக உள்ளேன். தாங்கள் தையலகத்தை எந்த நாளிலும் பார்வையிடலாம்.

இங்ஙனம், (கையொப்பம், தேதி)

இந்தக் கடிதத்தில் 18,000 ரூபாய் வராத பாக்கியைப் பற்றிய வரி உதாரணத்துக்காக நான் சேர்த்தது. அப்படி ஒன்று உங்களுக்கும் நிச்சயம் இருக்கும். இல்லை என்று சொல்லும் சரக்குக்காரரை நான் பார்த்ததில்லை. அதை நீங்களே வெளியே எடுத்து வைத்தால், மற்றப் பாக்கிகளை மேலாளர் நம்புவார். நீங்கள் உத்யம் பதிவு வைத்திருந்தால், 2006-ஆம் ஆண்டுச் சிறு தொழில் சட்டப்படி வாங்குபவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பதைக் கடைக்காரருக்கு நினைவூட்டவும் முடியும். எம்.சி. ரோட்டில் சட்டம் பேசி வியாபாரம் செய்ய முடியாது என்பது வேறு.

பங்குத் தொகை என்பது கூட்டுறவு வங்கிக்கே உரிய செலவு. ஈடு உள்ள கடனுக்கு இரண்டரை சதவீதம், ஈடில்லாக் கடனுக்கு ஐந்து சதவீதம் என்பது வழக்கமான அளவு; இரண்டரை லட்சத்துக்கு 6,250 அல்லது 12,500 ரூபாய் இதற்கு ஒதுங்கிவிடும். உங்கள் வங்கியில் எவ்வளவு என்று கேட்டு, அதைத் துணிப் பணத்திலிருந்து எடுக்காமல் தனியாக ஏற்பாடு செய்யுங்கள். வெள்ளக் காப்பீடு பற்றிய வரியை எந்தக் காரணத்துக்காகவும் நீக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழைநீர் வடசென்னைத் தெருக்களில் நாள்கணக்கில் நின்றதை மேலாளரும் பார்த்திருப்பார். தரைத்தளத்தில் துணி வைத்திருப்பவர் என்றால் அந்தக் கேள்வியை அவர் கேட்காமல் விடமாட்டார்.

வரம்பு கிடைத்த பிறகு இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. இரண்டரை லட்சம் வரம்பு என்றாலும், எந்த மாதத்திலும் நீங்கள் எடுக்கக்கூடியது அந்த மாதச் சரக்கு அறிக்கையைப் பொறுத்தது. இருக்கும் சரக்கையும் 90 நாளுக்கு உட்பட்ட பாக்கியையும் கூட்டி, கடனுக்கு வாங்கிய துணி இருந்தால் அதைக் கழித்து, மிச்சத்தில் வழக்கமாக 25 சதவீதத்தை உங்கள் பங்காக ஒதுக்கிவிட்டு மீதியைத்தான் அனுமதிப்பார்கள். வங்கியில் இதை டிராயிங் பவர் என்பார்கள். 4,55,600-க்குச் சரக்கும் பாக்கியும் இருந்தால் 3,41,700 வரை இடம் உண்டு, வரம்பு தாராளமாகப் பொருந்தும். மந்தமான மாதத்தில் அது 3,00,000-ஆகக் குறைந்தால் இடம் 2,25,000தான்; அப்போதும் கணக்கில் இரண்டரை லட்சம் நின்றால் 25,000 அதிகப்பற்று ஆகிவிடும். அந்த அதிகப்பற்று தொடர்ந்து 90 நாளைத் தாண்டினாலோ, 90 நாள் கணக்கில் வரவே இல்லாமல் போனாலோ, வட்டியை ஈடுகட்டும் அளவுக்குக்கூட வரவு இல்லாவிட்டாலோ கணக்கு வாராக்கடனாகிவிடும். கடைப் பணம் ரொக்கமாக வந்து ரொக்கமாகவே செலவானால், நன்றாக நடக்கும் தொழிலிலும் இது நேரும்.

மற்றொன்று, வரம்பு வந்த அன்றே முழுவதையும் எடுத்துவிடுவது. தண்டலை முதல் வாரமே அடைத்துவிடுங்கள், அது சரி. மீதி 1,70,000 ஒரே நாளில் தேவைப்படாது. நாளொன்றுக்கு 15 உருப்படி கூடுதலாகத் தைத்தால், 190 வீதம் நாளுக்கு 2,850 ரூபாய்தான் கூடுதலாகச் சரக்கில் இறங்கும். துணியைச் சற்று முன்னதாக வாங்கினாலும், 1,70,000 முழுவதும் இறங்க ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். அதற்குள் முதல் வாரத்துக் கூடுதல் சரக்கின் பணம் கடைகளிலிருந்து வரத் தொடங்கியிருக்கும். வாராவாரம் துணிக்குப் போகும் நாளில் அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள். இரண்டு மாதத்துக்கு முன்பே கணக்கு வரம்பைத் தொட்டுவிட்டால், எங்கோ பாக்கி 40 நாளைத் தாண்டிவிட்டது அல்லது பணம் வேறு வழியில் போகிறது என்று பொருள். அன்றைக்கே நோட்டை எடுத்துக் கடைவாரியாகப் பாக்கியைப் பாருங்கள்.